சிமென்ட் மூட்டையிலும் கம்பியிலும் எதைப் படிப்பது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 800 சதுர அடியில் தரைத்தளம் மட்டும் கட்டுகிறோம். அஸ்திவாரம் முதல் பூச்சு வரை 53 கிரேடு சிமென்ட்தான் வேண்டும் என்கிறார் மேஸ்திரி. சரியா?

தேவையில்லை. அந்த 53 என்பது, ஆய்வகத்தில் வார்த்த சிமென்ட் கலவைக் கட்டி 28 நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 53 நியூட்டன் அழுத்தத்தையாவது தாங்கும் என்பதைக் குறிக்கும் எண். உங்கள் கான்கிரீட்டின் பலமோ கலவை விகிதத்தையும், அதைவிட முக்கியமாக அதில் ஊற்றும் தண்ணீரின் அளவையும் பொறுத்தது. 53 கிரேடு வாங்கிவிட்டு, குழைவாக இருக்கட்டும் என்று தண்ணீரைக் கொட்டினால் கொடுத்த காசு வீண். பூச்சு வேலைக்கு அது பொருத்தமும் இல்லை. சீக்கிரம் சூடாகி இறுகுவதால் மயிரிழை வெடிப்புகள் வரும்.

இவ்வளவு சிறிய வீட்டுக்கு எல்லா வேலைக்கும் பி.பி.சி. எனப்படும் சாம்பல் கலந்த சிமென்டையே நான் சொல்வேன். ஆரம்பத்தில் அது சற்று மெதுவாகத்தான் பலம் பெறும். அதனால் 7 நாளோடு நிறுத்தாமல் குறைந்தது 10 நாள், நம் வெயிலுக்கு 14 நாள், தண்ணீர் கட்டுங்கள். தளத்தின் முட்டுகளைப் பொறியாளர் சொல்லும் முன் பிரிக்க விடாதீர்கள்.

கேள்வி: மூட்டைக்கு 20 ரூபாய் குறைத்துத் தருவதாக ஒரு கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?

முதலில் மூட்டையில் அச்சிட்டிருக்கும் வாரம், மாதம், ஆண்டு ஆகியவற்றைப் பாருங்கள். 31ஆவது வாரம் என்றிருந்தால் அது ஆகஸ்ட் தொடக்கத்தில் அடைத்த சரக்கு. மூன்று மாதம் கடந்த சிமென்டைச் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது; மழைக்காலத்தில் நான் ஆறு வாரத்துக்கு மேற்பட்டதையே தவிர்ப்பேன். எழுத்து அழிந்திருந்தாலோ, வாய் மறுபடி தைக்கப்பட்டிருந்தாலோ, எடை 50 கிலோவுக்குத் தெளிவாகக் குறைந்தாலோ திருப்பி அனுப்புங்கள். உள்ளே விரலால் நசுக்க முடியாத கட்டி இருந்தால் அந்த மூட்டையைச் சலித்துக்கூடப் பயன்படுத்த வேண்டாம்.

கேள்வி: 12 மி.மீ. கம்பி ஒரு கடையில் நீளம் ஒன்றுக்கு 640 ரூபாய், இன்னொரு கடையில் 600. இரண்டிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறது. 600 ரூபாய்க் கம்பி பத்தை எடை போட்டதில் 96 கிலோ வந்தது. எதை வாங்குவது?

எடை போட்டுப் பார்த்தீர்களே, அதிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மி.மீ. கம்பிக்கு அது 0.888 கிலோ. வழக்கமான 12 மீட்டர் நீளத்துக்கு 10.66 கிலோ, பத்துக் கம்பிக்கு 106.6 கிலோ.

இந்தத் தடிமனுக்கு ஒட்டுமொத்த எடையில் 5 சதவீதம் வரை கூடுதல் குறைவை இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. அந்தச் சலுகையைக் கொடுத்தாலும் 101 கிலோவாவது இருக்க வேண்டும். உங்களுக்கு வந்திருப்பது பத்தில் ஒரு பங்கு குறைவு. எடை குறைந்தால் கம்பியின் குறுக்குப் பரப்பும் அதே அளவு குறைந்திருக்கிறது என்று பொருள். பொறியாளர் கணக்கிட்ட இரும்பில் பத்தில் ஒரு பங்கு உங்கள் தூணில் இருக்காது. விலையிலும் லாபம் இல்லை. 600 ரூபாயை 9.6 கிலோவால் வகுத்தால் கிலோ 62.50 ரூபாய் ஆகிறது. 640 ரூபாய்க் கம்பி முழு எடையில் இருந்தால் கிலோ 60 ரூபாய்தான். அதையும் எடை போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நீளக் கணக்கில் வாங்கும்போது மெலிந்த கம்பி கடைக்காரருக்கு லாபம். எடைக் கணக்கில் வாங்கும்போது, தடித்த கம்பி வந்தால் எண்ணிக்கை குறைந்து உங்களுக்கு நட்டம். ஆகவே எடைக்கு விலை பேசி, கம்பிகளையும் எண்ணி, இரண்டையும் ஒப்பிடுங்கள். எடை மேடையில் வெற்று வண்டியின் எடையை உங்கள் கண்முன் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: கம்பியில் 500, 500டி, 550 கிரேடு என்கிறார்கள். எது நல்லது?

வரைபடத்தில் எழுதியிருப்பதுதான். தேர்வு உங்களிடம் விடப்பட்டிருந்தால் 500டி வாங்குங்கள். உடையுமுன் குறைந்தது 16 சதவீதம் நீளும். சாதாரண 500க்கு அது 12 தான். கந்தகமும் பாஸ்பரஸும் குறைவு என்பதால் வளைக்கும் இடத்தில் விரிசல் விடும் வாய்ப்பும் குறைவு. 550 வாங்கிவிட்டோம் என்று கம்பிகளின் எண்ணிக்கையை நீங்களாகக் குறைக்காதீர்கள்.

கேள்வி: முத்திரை போலியா என்று எப்படி அறிவது?

முத்திரையோடு CM/L என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதை இட்டால் நிறுவனத்தின் பெயர், பொருள், உரிமம் நடப்பில் உள்ளதா என்பது தெரியும். கம்பியில் பெயரும் கிரேடும் உருட்டும்போதே புடைப்பாக விழுந்திருக்கும். கம்பிக் கட்டில் தொங்கும் அட்டை மட்டும் போதாது, அதை வேறு கட்டுக்கு மாற்றிக் கட்டிவிட முடியும்.

கடைக்காரரை எடைபோட எனக்குத் தெரிந்த வழி, பில்லில் நிறுவனம், கிரேடு, எடை மூன்றையும் எழுதித் தரச் சொல்வதும், ஆலையின் சோதனைச் சான்றிதழைக் கேட்பதும்தான். அந்தச் சான்றிதழில் உள்ள, ஹீட் நம்பர் எனப்படும் உருக்கு எண் உங்கள் கட்டின் அட்டையில் உள்ளதோடு பொருந்த வேண்டும். பில்லில் வெறுமனே ‘கம்பி’ என்று எழுதித் தருபவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.