தட்டை யார் எடுப்பது?

அன்புள்ள மேடம்,

சென்னையில் வேலை பார்க்கிறேன், வயது 31. கணவரின் ஊர் பென்னாகரம் பக்கம். ஐப்பசியில் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. போன வருடம் அவர்கள் புதுமனை புகுவிழாவுக்குப் பட்டும் ஹீல்ஸும் போட்டுப் போனேன். ராத்திரி மழை பெய்து மண்பாதை முழுக்கச் சேறு. ஹீல்ஸ் புதைந்து, சேலை ஓரமெல்லாம் செம்மண். யாரும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பக் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். "மெட்ராஸ்காரிக்குச் சேறு ஆகாது" என்று சிரித்தார்கள். சுடிதார் போட்டால் மரியாதை தெரியாதவள், பட்டு கட்டினாலும் சிரிப்பு. இந்தத் தடவையும் சீர்த்தட்டு எடுக்கச் சின்ன மாமியாரின் மருமகளைத்தான் கூப்பிடுவார்கள், போன முறை அவள்தான் எடுத்தாள், அதை விடுங்கள். என்ன உடுத்துவது என்று மட்டும் சொல்லுங்கள். யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

அன்புள்ள தோழி,

"அதை விடுங்கள்" என்கிறீர்கள். எனக்கு விட மனசில்லை. உங்கள் கணவர் தாய்மாமன். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள். தாய்மாமன் வீட்டுச் சீரில் முதல் தட்டு அவர் மனைவி கையில் இருக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கும். போன வருடம் நீங்கள் காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டீர்கள், தட்டைக் கீழே வைக்க முடியாது, இன்னொருத்தி எடுத்தாள். அவர்கள் சிரித்தது தப்புதான். ஆனால் உங்கள் இடத்தை அவர்கள் பறிக்கவில்லை, நீங்கள்தான் காலியாக விட்டீர்கள். நாத்தனாருக்கு அந்தச் சிரிப்பைவிட இதுதான் வலித்திருக்கும்.

சரி, இப்போது சேலைக்கு வருவோம். தட்டு இரண்டு கையையும் பிடித்துக்கொள்ளும், கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்க முடியாது. அதனால் பாதை எப்படி என்று பார்த்துத்தான் கட்ட வேண்டும். போன முறை ஹீல்ஸ் போட்டபடி கட்டியிருப்பீர்கள். அதைக் கழற்றியதும் இரண்டு அங்குலம் தரையில் புரளும், சேறு ஏறாமல் என்ன செய்யும்? வெறுங்காலில் நின்று, ஓரம் கணுக்கால் எலும்புக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்படி கட்டுங்கள். உள்பாவாடை அதைவிட ஒரு அங்குலம் குட்டையாக இருக்கட்டும். முந்தானையை மடித்துத் தோளில் பின் குத்திவிடுங்கள். கனமான பட்டு வேண்டாம், சின்ன ஜரிகை போட்ட அடர்நிறச் சேலை போதும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ரப்பர் செருப்பு நடக்க நடக்கச் சேலையின் பின்பக்கத்தில் சேற்றை அடிக்கும். பின்பட்டை வைத்த தட்டையான செருப்பு போடுங்கள், சீர் கிளம்பும்போது அதையும் கழற்றிவிடுங்கள். செம்மண் பட்டால் ஈரத்தோடு துடைக்காதீர்கள், தேய்க்கத் தேய்க்க நூலுக்குள் இறங்கும். காயவிட்டு உதறி, மெத்தென்ற பிரஷ்ஷால் தட்டினால் பெரும்பாலும் போய்விடும்.

சுடிதாரை முந்தின நாள் ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள், காய் நறுக்க உட்கார அதுதான் வசதி.

யாரும் சொல்லவில்லை என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. இன்றைக்கே நாத்தனாருக்குப் போன் போடுங்கள். சீர் எங்கிருந்து கிளம்புகிறது, பாதை எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். அப்புறம், முதல் தட்டு நான் எடுக்கிறேன் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சின்ன மாமியாரின் மருமகளிடம் இரண்டாவது தட்டைக் கொடுக்கச் சொல்லுங்கள். போன முறை உங்களுக்காகச் சேற்றில் நடந்தவள் அவள்.