1200 சதுர அடி மாடியில் எத்தனை கிலோவாட் ஏறும்?

"மாடி 30க்கு 40. தென்மேற்கில் மாடிப்படி அறை, அதன் மேல் தண்ணீர்த் தொட்டி. கிலோவாட்டுக்கு 100 சதுர அடி, 12 கிலோவாட் போடலாம் என்கிறார் சோலார்காரர். சரியா?"

இல்லைங்க, 100 என்ற கணக்கு தப்பில்லை, ஆனால் அதை மொத்த மாடிக்கும் போட்டதுதான் தப்பு.

550 வாட் பேனல் ஒன்று ஏறக்குறைய 28 சதுர அடி, கிலோவாட்டுக்கு இரண்டு என்றால் 56. வரிசைகளுக்கு நடுவே கழுவ, ரிப்பேர் பார்க்க ஆள் போகும் வழியும் சேர்த்தால் 80 ஆகிவிடும். இந்த 80, வெயில் விழும் இடத்தில் மட்டும்.

கைப்பிடிச் சுவரிலிருந்து சுற்றிலும் 2 அடி விடுங்கள், மிச்சம் 26க்கு 36, அதாவது 936. அப்புறம்தான் உங்கள் கன்னி மூலைத் தொட்டி. அறை 8 அடி, தொட்டி 5 அடி என்றால் மொத்தம் 13 அடி உயரம். நம் ஊரில் டிசம்பர் மாதம் காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் நிழல் வடக்கே கிட்டத்தட்ட அதே 13 அடி நீளும், மாலையில் கிழக்கேயும் 15 அடி போகும். அறையும் நிழலும் சேர்ந்து 400 சதுர அடிக்கு மேல் தின்றுவிடும். மீதி 500 சொச்சம், அதை 80ஆல் வகுத்தால் 6 கிலோவாட், 11 பேனல்.

நிழலில் ஒரு பேனல் மாட்டினாலும் அதே வரிசை இணைப்பில் உள்ள மற்றவற்றின் உற்பத்தியும் குறையலாம், அதனால் 12க்குச் சம்மதிக்காதீர்கள். டிசம்பரில் ஒரு நாள் 9 மணி, 12 மணி, 3 மணிக்கு நிழல் ஓரத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள், கோட்டுக்கு வெளியே உள்ளதை மட்டும் அளங்கள்.