ஹெட்போன் பழுதில்லை, பழைய இணைப்புத்தான் மறிக்கிறது

கேள்வி: சேர், தலவாக்கலையிலிருந்து எழுதுகிறேன். ஏ.எல். படிக்கிறேன். ஸூம் வகுப்புக்காக ஒரு புளூடூத் ஹெட்போன் வைத்திருக்கிறேன். தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்த அண்ணன் அதைத் தன் போனில் போடப் பார்த்தார். சரிவரவில்லை என்று பட்டனை ரொம்ப நேரம் அழுத்தி ரீசெட் செய்து இணைத்துக்கொண்டார். அன்றிலிருந்து என் லேப்டாப்பிலும் என் போனிலும் இணையவில்லை. லேப்டாப்பில் ஹெட்போனின் பெயர் இருக்கிறது, Paired என்றும் இருக்கிறது. ஆனால் Connect கொடுத்தால் Couldn't connect என்று வருகிறது. அண்ணன் அந்தப் போனை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார், அதில் மட்டும் நன்றாகக் கேட்கிறது. கடையில் ஹெட்போன் பழுது, புதிது வாங்குங்கள் என்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டாம், தங்கச்சி. அம்மாவின் போனில் ஒழுங்காகக் கேட்கிறது என்றால் அந்த ஹெட்போனின் புளூடூத்தும் நல்லது, பேட்டரியும் நல்லது. புதிதாக ஒன்றை வாங்கினால் அது உங்கள் லேப்டாப்பில் உடனே இணைந்துவிடும். அதைப் பார்த்து "பழையது பழுதுதான்" என்று எல்லோரும் முடிவுகட்டிவிடுவார்கள். புதியது இணைவதற்குக் காரணம் வேறு: அதைப் பற்றி உங்கள் லேப்டாப்பில் பழைய பதிவு எதுவும் இருக்காது. உங்கள் சிக்கல் முழுவதும் அந்தப் பழைய பதிவில்தான் இருக்கிறது.

புளூடூத்தில் இரண்டு கருவிகளை முதல் தடவை இணைக்கும்போது, அவை இரண்டும் சேர்ந்து ஓர் இரகசியச் சாவியை உருவாக்குகின்றன. 128 பிட் நீளமுள்ள ஓர் எண் அது. அதில் ஒரு பிரதியை லேப்டாப் வைத்துக்கொள்ளும், மற்றப் பிரதியை ஹெட்போன் வைத்துக்கொள்ளும். அடுத்த நாள் ஹெட்போனை ஆன் செய்தவுடன் எதையும் கேட்காமல் தானாக இணைகிறதே, அது இந்தச் சாவியால்தான். இரண்டு பக்கமும் ஒரே சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, இருந்தால் மட்டுமே பேசத் தொடங்கும்.

அண்ணன் ரீசெட் செய்தபோது ஹெட்போனில் இருந்த சாவிகள் எல்லாம் அழிந்துவிட்டன. உங்கள் லேப்டாப்புக்கு அது தெரியாது. அது இன்னும் பழைய சாவியை வைத்துக்கொண்டு Paired என்று காட்டுகிறது. நீங்கள் Connect கொடுத்ததும் ஹெட்போனிடம் போய்ப் பழைய சாவியைக் கேட்கிறது, "அப்படி ஒன்று என்னிடம் இல்லை" என்று ஹெட்போன் சொல்கிறது, பேச்சு அங்கேயே முறிகிறது. திரையில் வருவது Couldn't connect மட்டும்தான். சாவி பொருந்தவில்லை என்று அது சொல்லியிருந்தால் உங்களுக்கு இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது.

சாவி இல்லை என்று தெரிந்ததும் லேப்டாப் தானாகவே பழையதை அழித்துப் புதிதாக ஒன்றை உருவாக்கக் கூடாதா என்று தோன்றும். பாதுகாப்புக்காகத்தான் பெரும்பாலும் அப்படி விடுவதில்லை. உங்கள் ஹெட்போனின் முகவரியை வேறொரு கருவி போலியாகப் போட்டுக்கொண்டு வந்து, "சாவி தொலைந்துவிட்டது, புதிது தா" என்று கேட்க முடியும். அதனால் அழிக்கிற வேலையை உரிமையாளரே செய்யவேண்டும்.

உங்கள் வீட்டில் இதோடு இன்னொரு விஷயமும் சேர்ந்திருக்கலாம். பெரும்பாலான ஹெட்போன்கள் ஆன் ஆனதும் கடைசியாக இணைந்திருந்த கருவியைத்தான் முதலில் தேடும். உங்களுடையதற்கு அது அம்மாவின் போன். குசினியில் இருக்கும் அம்மாவின் போனில் புளூடூத் ஆனில் இருந்தால், நீங்கள் அறையில் ஹெட்போனைப் போட்டவுடனேயே அது அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். சாதாரணமாகப் பத்து மீற்றர் வரை எட்டும், நடுவில் ஒரு பலகைச் சுவர் இருந்தாலும் பெரிதாகத் தடுக்காது. லயத்து வீட்டில் என்றால் பக்கத்து வீட்டு போனுக்குக்கூட எட்டும், முன்பு எப்போதாவது அதில் இணைத்திருந்தால். ஒரே நேரத்தில் ஒரு கருவியோடு மட்டும் இணைகிற ஹெட்போன், அம்மாவின் போனோடு இருக்கும்போது உங்கள் லேப்டாப் கூப்பிட்டால் பதிலே சொல்லாமல் இருந்துவிடலாம். அதற்கும் திரையில் வருவது அதே Couldn't connect தான்.

இரண்டில் எது என்று ஓரளவு பிரித்தறியலாம். Connect கொடுத்த ஒன்றிரண்டு விநாடியிலேயே மறுத்துவிட்டால், ஹெட்போன் பதில் சொல்லியிருக்கிறது, சாவிதான் பொருந்தவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஐந்து விநாடிக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்துவிட்டுக் கைவிட்டால், ஹெட்போன் பதிலே சொல்லவில்லை: வேறு எங்கோ இணைந்திருக்கிறது, அல்லது ஆனில் இல்லை. கூப்பிட்ட கருவி பதிலுக்காகக் காத்திருக்கும் வழக்கமான நேரம் 5.12 விநாடி, அதனால்தான் இந்தக் கணக்கு. விண்டோஸ் சில நேரம் தானே மறுபடி முயன்று பார்க்கும், அப்போது இன்னும் நீளும்.

சரி, இப்போது துப்புரவாக்கும் வேலை. இதில் வரிசை முக்கியம். முதலில் அம்மாவின் போன், உங்கள் போன், லேப்டாப் மூன்றிலுமே பழைய பதிவை அழிக்கவேண்டும். போன்களில் புளூடூத் பக்கத்துக்குப் போய், ஹெட்போன் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பற்சக்கரக் குறியைத் தொட்டு Forget கொடுங்கள். சில போன்களில் அதே இடத்தில் Unpair என்று இருக்கும். அம்மாவின் போனில் நன்றாகத்தானே வேலை செய்கிறது, அதை ஏன் தொடவேண்டும் என்று விட்டுவிடாதீர்கள். அடுத்து ஹெட்போனை ரீசெட் செய்யப்போகிறோம். அப்போது அம்மாவின் போனில் இருப்பதும் செத்த சாவியாகிவிடும், இன்று உங்களுக்கு வருகிற அதே செய்தி நாளை அம்மாவுக்கு வரும். அழித்த பிறகு இரண்டு போனிலும் புளூடூத்தை ஆஃப் செய்துவிடுங்கள்.

லேப்டாப்பில் விண்டோஸ் 10 என்றால் Settings, அதில் Devices, அதில் Bluetooth & other devices. ஹெட்போனின் பெயரைத் தொட்டால் Remove device வரும். விண்டோஸ் 11 இல் Bluetooth & devices என்ற பக்கத்தில், பெயருக்குப் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் அதே வசதி இருக்கும். சில லேப்டாப்பில் Remove failed என்று வந்து பெயர் போகாமல் அடம்பிடிக்கும். அப்போது Start பட்டனில் வலது கிளிக் செய்து Device Manager திறந்து, View பட்டியலில் Show hidden devices தெரிவு செய்யுங்கள். Bluetooth என்ற தலைப்பின் கீழ் உங்கள் ஹெட்போன் பெயரில் மங்கலான நிறத்தில் சில வரிகள் தெரியும், ஒரே பெயர் இரண்டு மூன்று தடவைகூட இருக்கலாம். அந்தப் பெயருள்ளவற்றை மட்டும் Uninstall device கொடுத்து நீக்குங்கள். மற்ற வரிகளில் கைவைக்க வேண்டாம். அவற்றில் லேப்டாப்பின் புளூடூத் சிப்புக்கு உரியவையும் இருக்கும்.

அப்புறம் லேப்டாப்பை Restart செய்யுங்கள். Shut down செய்து மறுபடி போடுவது இதற்குச் சரிவராது. பல லேப்டாப்பில் Fast startup என்ற வசதி ஆனில் இருக்கும். Shut down செய்யும்போது அது விண்டோஸின் உள்நிலையை வட்டில் சேமித்து வைத்து, அடுத்த தடவை அப்படியே எடுத்துப் போடும். Restart மட்டும்தான் முதலிலிருந்து தொடங்கும். லேப்டாப்பை ஆஃப் செய்து ஆன் செய்தும் சரிவராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

இப்போது ஹெட்போன். இங்கே பலர் குழம்புகிறார்கள்: இணைப்பு நிலைக்குக் கொண்டுபோவது வேறு, ரீசெட் செய்வது வேறு. நிறைய மாடல்களில் ஆஃப் நிலையிலிருந்து பவர் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால், வழக்கமான ஆன் ஒலியைத் தாண்டி விளக்கு வேகமாக மின்னத் தொடங்கும். சிவப்பும் நீலமும் மாறி மாறி எரிவதும் உண்டு. அது புதிய இணைப்புக்குத் தயார் என்று சொல்கிற நிலை, பழைய சாவிகள் அதில் அழியாது. எல்லாவற்றையும் அழிக்கும் ரீசெட்டுக்கு மாடலுக்கு மாடல் வேறு வேறு பட்டன் சேர்க்கை இருக்கிறது. பெட்டியோடு வந்த சிறு கையேட்டில் பாருங்கள், இல்லையென்றால் மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் கிடைக்கும். அண்ணன் என்ன அழுத்தினார் என்று அவரிடமே போனில் கேட்பது இன்னும் சுலபம். சார்ஜ் வயரைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், சார்ஜில் இருக்கும்போது புளூடூத்தையே ஆன் செய்யாத ஹெட்போன்கள் உண்டு.

ரீசெட் முடிந்ததும் இணைப்பு நிலைக்குக் கொண்டுபோய், லேப்டாப்பில் Add Bluetooth or other device கொடுத்து, விண்டோஸ் 11 என்றால் Add device கொடுத்து, Bluetooth தெரிவு செய்யுங்கள். இணைப்பு நிலை சில நிமிடங்களில் தானாக அணைந்துவிடும், அதனால் லேப்டாப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பட்டனை அழுத்துவது நல்லது. பட்டியலில் ஒரே ஹெட்போன் இரண்டு பெயரில் தெரிந்தால், LE_ என்று தொடங்குவதைத் தொடாதீர்கள். அது அந்தக் கம்பனியின் ஆப்புக்கான வழி, அதில் இணைத்தால் சத்தம் வராது. லேப்டாப்பில் Connected voice, music என்று வந்து சத்தமும் கேட்ட பிறகு, அங்கே புளூடூத்தை ஆஃப் செய்துவிட்டு உங்கள் போனை இணையுங்கள், அதன் பிறகு அம்மாவின் போனை. ஒவ்வொரு தடவையும் ஹெட்போனை மறுபடி இணைப்பு நிலைக்குக் கொண்டுபோகவேண்டும், ரீசெட் மட்டும் திரும்பச் செய்யக் கூடாது. செய்தால் முதலில் இணைத்ததன் சாவி போய்விடும், பழைய கதைதான்.

ஹெட்போன் எத்தனை சாவியை நினைவில் வைக்கும் என்பதற்கும் எல்லை உண்டு. நல்ல மாடல்களில் எட்டு வரை நிற்கும், விலை குறைந்தவற்றில் அதைவிடக் குறைவு. இடம் நிறைந்தால் மிகப் பழையதைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும். வீட்டுக்கு வருகிற மாமா பிள்ளைகள் எல்லோரும் தங்கள் போனில் போட்டுப் பார்த்தால், யாரும் ரீசெட் செய்யாமலேயே உங்கள் லேப்டாப் ஒரு நாள் மறுபடி Couldn't connect சொல்லும். அப்போது லேப்டாப்பில் Remove device கொடுத்து, ஹெட்போனை இணைப்பு நிலையில் வைத்துப் புதிதாக இணைத்தால் போதும், ரீசெட் தேவைப்படாது.

கடையில் சிலர் போனில் Reset Wi-Fi, mobile & Bluetooth செய்து தருவார்கள். அது போன் பக்கத்தை மட்டும்தான் துடைக்கும், கூடவே சேமித்து வைத்த வைஃபை பாஸ்வேர்டுகளும் போய்விடும். ஒரே ஒரு பெயரை Forget செய்தால் முடிகிற வேலைக்கு அது வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகு போனில் இணைந்து லேப்டாப்பில் மட்டும் இணையாவிட்டால், கோளாறு பெரும்பாலும் லேப்டாப்பின் புளூடூத் டிரைவரில். லேப்டாப் கம்பனியின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்குரிய டிரைவரை எடுத்துப் போடவேண்டும். முழு சார்ஜோடு, இணைப்பு நிலையில் விளக்கு மின்னும்போதும் எந்தப் போனின் பட்டியலிலும் ஹெட்போனின் பெயரே வராவிட்டால்தான் அது உண்மையான பழுது. அப்போது கடைக்குக் கொண்டுபோங்கள், உத்தரவாதக் காலம் மிச்சமிருக்கிறதா என்று பில்லையும் பார்த்து எடுத்துக்கொண்டு.