ஐடிவி-ய குறைச்சு 1,100 ரூபா மிச்சம் பிடிக்கலாமா?

கேள்வி: சார், கார் வாங்கி ரெண்டு வருஷம் முடிஞ்சு இன்சூரன்ஸ் ரின்யூவல் வந்துருக்கு. போன வருஷம் ஐடிவி 6.4 லட்சம் இருந்துச்சு, இப்ப ஒரு கம்பெனி 5.6 லட்சம்னு சொல்றாங்க, இன்னொருத்தர் 4.9 லட்சம் ஆனா பிரீமியம் 1,100 ரூபா கம்மி. ஏன் இப்படி இறங்குது, எத எடுக்குறது?

பதில்: உங்க வண்டியோட ஷோரூம் விலை 8 லட்சமா இருக்கணும், சரியா? ரிஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் காசெல்லாம் விட்டுட்டு அந்த விலையில வயசுக்கு தகுந்த தேய்மானத்த கழிச்சா வர்றதுதான் ஐடிவி, அதாவது இன்சூரன்ஸ்ல உங்க வண்டிக்கு போடுற மதிப்பு. ஒரு வருஷம் தாண்டுனா 20 சதவீதம், ரெண்டு தாண்டுனா 30, மூணு தாண்டுனா 40, நாலு தாண்டுனா 50 கழிப்பாங்க, அஞ்சுக்கு மேல நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு பண்றதுதான். அதனால 5.6 லட்சம்ங்கிறது கணக்குப்படி சரியான தொகை, 4.9 தான் பிரீமியம் கம்மியா தெரியணும்னு இறக்கி வச்சது.

வண்டி திருடு போனாலோ மொத்தமா போனாலோ இந்த தொகைதான் உங்க கைக்கு வரும், கிளைம்ல நீங்க ஏத்துக்க வேண்டிய கட்டாய டிடக்டிபிள் மட்டும் பிடிப்பாங்க. பாலிசி ஆரம்பிக்கிற அன்னைக்கு போட்ட ஐடிவி அந்த வருஷம் பூரா அப்படியே நிக்கும், அதனால பதினோராவது மாசம் திருடு போனாலும் அதே 5.6 தான், நடுவுல தேய்மானம்னு யாராவது குறைக்க பாத்தா விடாதீங்க.

சின்ன இடி, உரசலுக்கு ஐடிவி பெருசா வேலை செய்யாது. பம்பர் உடைஞ்சா ரெண்டு பாலிசியிலயும் ஒரே காசுதான், பிளாஸ்டிக்குக்கு பாதி கழிப்பாங்க, தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் கவர் இருந்தா அதுவும் இல்ல.

ஆனா நிறைய பேர் கவனிக்காத ஒன்னு இருக்கு. ரிப்பேர் செலவு ஐடிவியில 75 சதவீதத்த தாண்டுனா வண்டிய டோட்டல் லாஸ்னு முடிச்சிடுவாங்க. 2023 டிசம்பர்ல சென்னையில வெள்ளம் வந்த மாதிரி வண்டிக்குள்ள தண்ணி புகுந்து சர்வேயர் ரிப்பேருக்கு 3.9 லட்சம்னு போடுறாருன்னு வைங்க. ஐடிவி 5.6னா வரம்பு 4.2 லட்சம், அதனால வண்டி ரிப்பேர் ஆகி வீட்டுக்கு வந்துடும். 4.9னா வரம்பு 3 லட்சத்து 67 ஆயிரத்து 500 தான், வண்டிய எடுத்துக்கிட்டு 4.9 லட்சத்த குடுத்து அனுப்பிடுவாங்க, அந்த காசுக்கு அதே வயசுல நல்ல வண்டி கிடைக்குமான்னு நீங்களே பாத்துக்கோங்க. லோன் பாக்கி இருந்தா காசு முதல்ல பேங்குக்கு தான் போகும், மிச்சம்தான் உங்களுக்கு.

1,100 ரூபாய்க்காக 70,000 கவர விட வேண்டாம், 5.6 எடுங்க. அதுக்கு முன்னாடி அந்த ரெண்டாவது கம்பெனி வெப்சைட்லயே ஐடிவிய 5.6க்கு மாத்தி பிரீமியம் எவ்ளோ காட்டுதுன்னு பாருங்க, பல தடவை அந்த வித்தியாசமே காணாம போயிடும்.