லோத்து ஆபிரகாமுக்குச் சகோதரனா, சகோதரன் மகனா? எபிரேய, கிரேக்க உறவுச் சொற்கள் ஏன் இப்படி விரிகின்றன?

கேள்வி: ஆதியாகமத்தில் ஓரிடத்தில் லோத்து ஆபிராமின் சகோதரனுடைய மகன் என்றும், இன்னோரிடத்தில் சகோதரன் என்றும் வருகிறது. மூலமொழியிலேயே இப்படித்தானா? எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் அண்ணன், தம்பி, அப்பா போன்ற சொற்களுக்குத் தமிழைவிட விரிந்த பொருள் உண்டா?

பதில்:

மூலமொழியிலேயே அப்படித்தான் இருக்கிறது. ஆதியாகமம் 12:5 லோத்தை ஆபிராமுடைய சகோதரனின் மகன் என்கிறது. 13:8இல் ஆபிராமே லோத்திடம் ‘நாம் சகோதரர்’ என்கிறார். 14:14இல் சிறைபிடிக்கப்பட்ட லோத்து மறுபடியும் ஆபிராமின் சகோதரனாகிறார். மூன்று இடங்களிலும் உள்ள எபிரேயச் சொல் ‘ஆஹ்’ என்பதே. உடன்பிறந்தவன், ஒரே குடும்பக் கிளையைச் சேர்ந்த ஆண், ஒரே குலத்தான் என்ற மூன்று வட்டங்களையும் அந்த ஒரு சொல் தாங்குகிறது. இறையியல் வகுப்பில் இந்த மொழிகளைப் படித்த காலத்திலிருந்தே எனக்குப் பிடித்த பகுதி இது என்பதால், பதில் சற்று நீளும்.

‘தமிழைவிட விரிந்தது’ என்பதை முதலில் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும், ஏனென்றால் தமிழ் உறவுச் சொற்களும் குறுகியவை அல்ல. பெரியப்பா மகனையும் சின்னம்மா மகனையும் நாம் எந்தத் தயக்கமும் இன்றி அண்ணன் அல்லது தம்பி என்றே அழைக்கிறோம், அப்பாவின் தம்பியைச் சித்தப்பா என்று தந்தையின் வரிசையில் வைக்கிறோம். ஆயினும் தமிழ்ச் சொல் விரியும்போது இரண்டு எல்லைகளைத் தாண்டுவதில்லை. ஒன்று தலைமுறை: அண்ணன் மகன் எக்காரணத்தாலும் எனக்குத் தம்பி ஆவதில்லை. மற்றொன்று, பங்காளி முறையா மாமன் மச்சான் முறையா என்ற பிரிவு: அத்தை மகனும் மாமன் மகனும் அண்ணன் தம்பி வரிசைக்குள் வருவதில்லை. எபிரேய ‘ஆஹ்’ இந்த இரண்டு எல்லைகளையும் பொருட்படுத்துவதில்லை. லோத்து விஷயத்தில் தமிழ் வாசகருக்கு ஏற்படும் இடறல் தலைமுறை எல்லையில் ஏற்படுவது.

இதே இடறல் லேவியராகமம் 10:4இல் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஆரோனின் மகன்களாகிய நாதாபும் அபியூவும் இறந்தபோது, அவர்களுடைய உடல்களை அப்புறப்படுத்த மோசே, ஆரோனுடைய தந்தையின் சகோதரனான ஊசியேலின் மகன்களை அழைத்து, ‘உங்கள் சகோதரரை எடுத்துக்கொண்டு போங்கள்’ என்கிறார். தமிழ் முறைப்படி கணக்கிட்டுப் பாருங்கள். ஊசியேலின் மகன்கள் ஆரோனுக்குப் பங்காளி முறையில் சகோதரர்கள், ஆகவே ஆரோனின் மகன்களுக்கு அவர்கள் பெரியப்பாவோ சித்தப்பாவோ ஆக வேண்டும். இறந்தவர்களை அவர்கள் ‘எங்கள் பிள்ளைகள்’ என்று சொல்லலாமே தவிர ‘எங்கள் சகோதரர்’ என்று சொல்ல முடியாது. எபிரேயத்துக்கு அந்தக் கணக்கு இங்கே தேவைப்படவில்லை. ஊசியேலைக் குறிக்கும் ‘தோத்’ என்ற சொல்லும் தந்தையின் சகோதரன் என்று மட்டுமே சொல்லும், மூத்தவரா இளையவரா என்று சொல்லாது. யாத்திராகமம் 6:18இல் ஆரோனின் தந்தை அம்ராம் முதலாவதாகவும் ஊசியேல் நான்காவதாகவும் பட்டியலில் நிற்பதை வைத்தே அவரைச் சித்தப்பா என்று நாம் தீர்மானிக்க முடிகிறது.

முறைப்பிரிவின் எல்லையில் நேரும் இடறலுக்கு யாக்கோபு, லாபான் கதையைவிடச் சிறந்த இடம் கிடையாது. லாபான் யாக்கோபின் தாய் ரெபெக்காளின் சகோதரன், அதாவது தாய்மாமன். தாய்மாமனுக்கென்று பழைய எபிரேயத்தில் நம் ‘மாமன்’ போலத் தனியான ஒற்றைச் சொல் கிடையாது. ஆதியாகமம் 29:10 ஒரே வசனத்தில் மூன்று முறை ‘தன் தாயின் சகோதரனாகிய லாபான்’ என்று விரித்தே சொல்கிறது. அடுத்து 29:12இல் யாக்கோபு ராகேலிடம், தான் அவளுடைய தந்தையின் ‘ஆஹ்’ என்று தன்னை அறிமுகம் செய்துகொள்கிறார். 29:15இல் லாபானும் அவரைப் பார்த்து ‘நீ என் ஆஹ் என்பதற்காகக் கூலியில்லாமல் எனக்கு வேலை செய்யலாமா’ என்று கேட்கிறார். சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் யாக்கோபு ராகேலுக்குச் சித்தப்பா முறை ஆகிவிடுவார், அடுத்த சில வசனங்களில் நடக்கும் திருமணப் பேச்சு தமிழ்க் காதுக்குப் பெரும் அபசாரமாக ஒலிக்கும். பழைய தமிழ் வேதாகமம் இவ்விடத்தில் ‘மருமகன்’ என்று எழுதியிருக்கிறது. சகோதரியின் மகனுக்கும் மகளின் கணவனுக்கும் தமிழில் அதுவே சொல் என்பதால், லாபானுடைய வீட்டில் யாக்கோபு அடையப்போகும் இரண்டாவது முறையும் அதிலேயே அடங்கிவிடுகிறது. அந்த மொழிபெயர்ப்பில் எனக்குக் குறைகள் பல தெரியும், இந்த இடத்தை மட்டும் எப்போதும் ரசிப்பேன்.

இதற்கு நேரெதிரான ஓர் இடமும் உண்டு. 1 நாளாகமம் 23:22இன்படி எலெயாசார் என்பவர் ஆண்பிள்ளை இல்லாமல் இறந்தார். அவருடைய மகள்களை ‘அவர்களுடைய சகோதரராகிய கீசின் மகன்கள்’ மணந்துகொண்டார்கள். முந்தின வசனம் எலெயாசாரும் கீசும் உடன்பிறந்தவர்கள் என்று சொல்வதால், இங்கே ‘சகோதரர்’ என்பது பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளைக் குறிக்கிறது. நம் முறைப்படியும் அவர்கள் அண்ணன் தம்பிகளே. அதனாலேயே அந்தத் திருமணம் நமக்கு நடக்கக்கூடாத ஒன்று. இஸ்ரவேலரிடையே ஆண்வாரிசு இல்லாத தந்தையின் நிலம் வேறு கோத்திரத்துக்குப் போய்விடக்கூடாது என்பதற்காக, சுதந்தரம் பெறும் மகள் தன் கோத்திரத்துக்குள்ளேயே மணந்துகொள்ள வேண்டும் என்று எண்ணாகமம் 36 விதிக்கிறது. செலொப்பியாத்தின் மகள்கள் தங்கள் தந்தையின் சகோதரர் மகன்களை மணந்தது அங்கேயே சொல்லப்படுகிறது. தமிழ்ச் சொற்கள் யாரை மணக்கலாம், யாரை மணக்கக்கூடாது என்பதைப் பிரித்துக் காட்டும்படி அமைந்தவை. எபிரேயச் சொல் தந்தைவழிக் கூட்டத்துக்குள் இருப்பவன் யார் என்பதைக் காட்டுகிறது, கூட்டத்துக்குள் பெண் எடுப்பதை அது தடுப்பதில்லை. இரு மொழிகளின் வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் இதுவென்றே நான் கருதுகிறேன்.

அப்படியானால் ‘ஆஹ்’ வரும் இடத்தில் உடன்பிறந்தவனா உறவினனா என்று எப்படி அறிவது? பெரும்பாலும் வம்சப் பட்டியலோடு ஒப்பிட்டே அறிய வேண்டும். 2 இராஜாக்கள் 10:13இல் யெகூவின் எதிரே வந்த 42 பேர் தங்களை அகசியா அரசனின் சகோதரர் என்கிறார்கள். ஆனால் அகசியாவின் மூத்த சகோதரர் அனைவரும் ஏற்கெனவே கொல்லப்பட்டு, இளையவரான அவர் மட்டுமே மிஞ்சியதால் அரசரானார் என்று 2 நாளாகமம் 22:1 சொல்கிறது. யெகூவிடம் அகப்பட்டவர்களை 22:8 அகசியாவின் சகோதரருடைய மகன்கள் என்று குறிக்கிறது. ஆகவே முதல் இடத்தில் அந்தச் சொல்லுக்கு அரச குடும்பத்தார் என்பதே பொருள். எபிரேயர் ஐயத்துக்கு இடமில்லாமல் பேச விரும்பியபோது ‘என் தாயின் மகன்’ என்று சேர்த்துக்கொண்டார்கள். பென்யமீனை யோசேப்பு காணும் ஆதியாகமம் 43:29இல் ‘தன் தாயின் மகனாகிய சகோதரன்’ என்று வருவதும், கிதியோன் தன் சகோதரரை ‘என் தாயின் மகன்கள்’ என்பதும் அப்படிப்பட்டவை.

தந்தையைக் குறிக்கும் ‘ஆவ்’ மேல்நோக்கி விரிகிறது. நம் ‘அப்பா’ பெரியப்பா, சித்தப்பா என்று பக்கவாட்டில் பரவும். ‘ஆவ்’ தாத்தாவுக்கும் அவருக்கு முந்தின மூதாதைக்கும் அப்படியே பொருந்தும். யாக்கோபிடம் ‘உன் தந்தையாகிய ஆபிரகாம்’ என்று சொல்லப்படுகிறது, அவர் தாத்தா. தாய்க்கும் இதே வழக்கம் உண்டு: 1 இராஜாக்கள் 15:2இல் அபியாமின் தாயாக வரும் மாகாள், 15:10இல் அபியாமின் மகன் ஆசாவுக்கும் தாயாகிறார். பெறுதல் என்ற வினைச்சொல்லும் விதிவிலக்கல்ல. மத்தேயு 1:8 ‘யோராம் உசியாவைப் பெற்றான்’ என்கிறது. 1 நாளாகமம் 3ஆம் அதிகாரப் பட்டியலில் இவ்விருவருக்கும் இடையே அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று அரசர்கள் இருக்கிறார்கள்.

மத்தேயு எழுதியது கிரேக்கத்தில். கிரேக்கத்தின் நிலை வேறு. ‘அதெல்ஃபோஸ்’ என்ற சொல் ‘ஒரே கருப்பை’ என்ற பொருளில் பிறந்தது, நாம் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட ‘சகோதரன்’ போலவே. பெற்றோரின் உடன்பிறந்தார் பிள்ளைகளுக்கு ‘அனெப்சியோஸ்’ என்ற தனிச்சொல் அங்கே உண்டு. கொலோசெயர் 4:10இல் மாற்கு பர்னபாவுக்கு அந்த முறை. அது பங்காளி முறையா மச்சான் முறையா என்று தெரியாததால் தமிழில் ஈடான சொல் வைக்க முடியாது. பழைய மொழிபெயர்ப்பு ‘இனத்தான்’ என்று தப்பித்துக்கொண்டது. எபிரேய வேதத்தைக் கிரேக்கமாக்கியவர்கள், லோத்திடம் ஆபிராம் பேசும் இடத்திலும் லாபான் யாக்கோபிடம் பேசும் இடத்திலும் ‘அதெல்ஃபோஸ்’ என்றே எழுதியதால், வேதம் வாசிக்கும் யூதர்களிடையே அந்தக் கிரேக்கச் சொல்லும் எபிரேயச் சொல்லின் அகலத்தைப் பெற்றது.

இயேசுவின் சகோதரர் பற்றிய பழைய வழக்கு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. மாற்கு 6:3 நான்கு சகோதரரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்கள் யாருடைய பிள்ளைகள் என்பதில் 4ஆம் நூற்றாண்டுத் திருச்சபை எழுத்தாளர் மூவர் மூன்று விதமாகச் சொன்னார்கள். அவர்கள் மரியாளுக்குப் பின்னர் பிறந்த பிள்ளைகள் என்றார் ஹெல்விடியுஸ். மரியாளின் கணவர் யோசேப்புடைய முந்தைய மனைவியின் பிள்ளைகள் என்றார் எபிபானியுஸ். மரியாளின் சகோதரியுடைய பிள்ளைகள் என்று 383இல் ஜெரோம் வாதிட்டார். தமிழில் ‘அண்ணன்’ அல்லது ‘தம்பி’ என்று எழுதினால் ஒரு கட்சியில் சேர்ந்துவிடுவோம் என்பதால் மொழிபெயர்ப்பாளர் ‘சகோதரர்’ என்பதில் நின்றுவிடுகிறார். வேடிக்கை என்னவென்றால், ஜெரோமின் விளக்கத்துக்கு எபிரேயச் சொல்லின் அகலம் தேவைப்பட்டது. தமிழருக்கோ சின்னம்மா பிள்ளைகள் எந்த விளக்கமும் இல்லாமலே அண்ணன் தம்பிகள்.

சொல்லாராய்ச்சியால் மட்டும் இந்த வழக்கு முடியாது. லோத்து, லாபான் போன்ற சான்றுகள் மொழிபெயர்ப்பிலிருந்து வருபவை. பவுல் நேரடியாகக் கிரேக்கத்தில் எழுதியவர், அவர் கலாத்தியர் 1:19இல், மாற்கு பெயர் சொல்லும் நால்வரில் ஒருவரான யாக்கோபைக் ‘கர்த்தரின் சகோதரன்’ என்கிறார். 2ஆம் நூற்றாண்டில் எழுதிய ஹெகெசிப்புஸ் என்பவரின் கூற்றைத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் எடுத்துக்காட்டியிருக்கிறார். அதில் யாக்கோபு கர்த்தரின் ‘அதெல்ஃபோஸ்’; ஆனால் யோசேப்பின் சகோதரரான கிலோப்பாவின் மகன் சிமியோன் ‘அனெப்சியோஸ்’. ஹெகெசிப்புஸ் இரண்டு சொற்களையும் வேறுபடுத்தியே எழுதியிருக்கிறார் என்பதை ஹெல்விடியுஸின் பக்கம் நிற்பவர்களும் எபிபானியுஸின் பக்கம் நிற்பவர்களும் சுட்டிக்காட்டுவார்கள். ஜெரோமின் பக்கம் நிற்பவர்கள் அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.