வணக்கம் பொய்யாகுமா?

"மொழியியல் ஒப்படை எழுதுறன். 'வணக்கம்' எண்டால் 'உங்களை வணங்குகிறேன்' எண்டதுதானே? மனசில மரியாதை இல்லாமல் சொன்னால் அது பொய்க் கூற்று எண்டு எழுதலாமோ?"

அப்படி எழுதாதேங்கோ. ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கோ. 'மழை பெய்யுது' என்று ஒருவர் சொன்னால் 'இல்லை, பொய்' என்று மறுக்கலாம். 'வணக்கம்' என்றால் பதில் வணக்கம் சொல்லலாம், பேசாமல் போகலாம். மறுப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

வணக்கம் போன்ற முகமனுக்கு உண்மை, பொய் என்று பார்க்கக்கூடிய கருத்துப்பொருளும் இல்லை, சொல்பவர் மனசில் அந்த உணர்வு இருக்க வேண்டும் என்ற உளத்தூய்மை நிபந்தனையும் இல்லை என்று மொழி மெய்யியலாளர் ஜோன் சேர்ல் 1969இல் வகுத்தார். நன்றி சொல்ல நன்றியுணர்வு வேண்டும். வணக்கத்துக்கு அப்படி ஒன்று தேவையில்லை. பிடிக்காத அயலவருக்குச் சொன்னாலும் அவரைக் கண்டு மதித்ததாகிவிடும். இப்போதுதான் சந்தித்திருக்க வேண்டும், அல்லது அறிமுகமாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் வணக்கம் பொய்க்காது, ஆனால் பிசகும்: அரை மணி நேரமாகக் கதைத்துக்கொண்டிருப்பவரிடம் இடையில் 'வணக்கம்' என்றால் அவர் முழிப்பார்.

உங்கட ஒப்படைக்கு 'எங்கை போறியள்?' இன்னும் நல்ல உதாரணம். வடிவம் கேள்வி, ஆனால் ஒழுங்கையில் எதிர்ப்படுபவருக்கு 'சும்மா உங்கை வரைக்கும்' என்ற பதிலே போதும். உண்மையில் இடம் அறியக் கேட்டவர்தான் 'உங்கையெண்டால் எங்கை?' என்று திரும்பக் கேட்பார். அந்த இரண்டாவது கேள்வி வருகிறதா என்று பார்த்து முகமனையும் உண்மையான கேள்வியையும் பிரித்தறியலாம்.