கடன் முடிந்தும் ஸ்டேட்மென்ட்டில் லீன்

"வீட்டுக் கடனை முழுசா கட்டிட்டேன், பாக்கி 0 என்று வருகிறது. ஆனால் கீழே Lien: Active என்று இருக்கிறதே, இன்னும் கடன் இருக்கா?"

லீன் என்பது நீங்கள் கட்ட வேண்டிய தொகை இல்லை. கடன் தீரும்வரை சொத்தின் மேல் கடன் கொடுத்தவருக்கு இருக்கும் உரிமை அது. வீடு உங்களுடையதுதான். ஆனால் அந்த உரிமை நீங்காமல் விற்கப் போனால், வாங்குபவரின் வக்கீல் பதிவேட்டைப் பார்த்ததுமே நிறுத்திவிடுவார்.

முதலில் அந்த 0 அசலுக்கு மட்டுமா, மொத்தத்துக்குமா என்று பாருங்கள். கடைசித் தவணைத் தேதிக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் நடுவில் ஏறிய வட்டியோ அபராதமோ தனி வரியில் நிற்கலாம். சின்னத் தொகைதான், ஆனால் அது இருக்கும்வரை லீனை எடுக்க மாட்டார்கள்.

மொத்தமும் 0 என்றால், மிச்சம் இருப்பது காகித வேலைதான். கடன் முடிந்ததற்கான கடிதத்தோடு, உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுவிப்புப் பத்திரமும் கேளுங்கள். கடிதம் மட்டும் போதாது. பத்திரம் சொத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். அதை அவர்களே பதிவார்களா, நீங்கள் பதிய வேண்டுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம் சில வாரம் கழித்துப் பதிவேட்டின் நகல் எடுத்து நீங்களே சரிபாருங்கள்.